அசதிக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஐயா, வணக்கம்.

எழுதாமல் தள்ளிப்போடுவதைக் குறித்துவைக்க ஒரு நோட்டு போடுங்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். நானும் ஒரு மாதமாகக் குறித்துவருகிறேன். என் குறுநாவல் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது. நோட்டைப் புரட்டினால் ‘ஆபீஸில் வேலை அதிகம்’, ‘அசதி’, ‘மூட் இல்லை’ என்று இந்த மூன்றும்தான் மாறி மாறி வருகின்றன. தாமதத்துக்கு அடியில் ஓர் உணர்வு இருக்கும் என்றீர்கள். என் அசதிக்கு அடியில் அசதிதான் இருக்கிறது. தினமும் கொரட்டூரிலிருந்து கிண்டிக்குப் போய்வருகிறவளுக்கு வேறென்ன இருக்கும்? நான் எதைக் குறிக்காமல் விடுகிறேன்?

கே., கொரட்டூர்

அன்புள்ள கே.,

உங்கள் அசதி உண்மை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ஒரு வேலைநாளில், இரவு பதினொன்றரைக்கு மேல் அனுப்பியிருக்கிறீர்கள். கோர்வையாக, ஒரு பிழை இல்லாமல். அவ்வளவு அசதியிலும் கடிதம் எழுத முடிந்திருக்கிறது, மூன்றாம் அத்தியாயம் மட்டும் முடியவில்லை. அப்படியானால் அசதி ஒரு காரணமாக இருக்கலாம், முழுக் காரணமாக இருக்க முடியாது. நோட்டில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: எந்தக் காரணத்தைச் சொல்லி எழுதாமல் விட்டீர்களோ, அதே காரணம் இருந்தும் வேறு ஏதாவது எழுதிய நாள் உண்டா? அப்படி ஒரு நாள் கிடைத்தால் அங்கிருந்து தோண்டலாம்.

நீங்கள் நோட்டை எப்போது எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. படுக்கப்போகும் முன்பு என்று நினைக்கிறேன், பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த நேரத்தில் எழுதினால் விளக்கம்தான் கிடைக்கும். உணர்வு வந்துபோய் வெகுநேரம் ஆகியிருக்கும். ஃபைலைத் திறக்கிறோம், கடைசி வரியைப் படிக்கிறோம், அடுத்த வரி எங்கே போக வேண்டும் என்று லேசாகத் தெரிகிறது, உடனே கை போனுக்குப் போகிறது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். போனை எடுத்ததுமே மனசு இலேசாகிவிடும். அந்த நிம்மதிக்காகத்தான் தள்ளிப்போடுகிறோம் என்பது நமக்கே தெரியாது, ஏனென்றால் எதிலிருந்து தப்பித்தோமோ அது அதற்குள் மறைந்திருக்கும்.

இதை ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள். 2001-ல் டயான் டைஸும் இரண்டு சக உளவியலாளர்களும் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலரை வருத்தமான மனநிலைக்குக் கொண்டுவந்து, ஒரு தேர்வுக்குப் பயிற்சி செய்ய நேரம் கொடுத்தார்கள். பக்கத்தில் பொழுதுபோக்குகளும் இருந்தன. வருத்தத்தில் இருந்தவர்கள் பயிற்சியை விட்டுப் பொழுதுபோக்கில் இறங்கினார்கள். ஆனால் அவர்களிலேயே சிலரிடம், ‘உங்கள் மனநிலை இப்போதைக்கு மாறாது, நீங்கள் என்ன செய்தாலும் அப்படியேதான் இருக்கும்’ என்று நம்பும்படி முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவர்கள் அப்படித் தள்ளிப்போடவில்லை. மனசு மாறப்போவதில்லை என்றால் ஓடியும் பயனில்லை அல்லவா? 2013-ல் ஃபூஷியா சிரோயும் டிமதி பிச்சிலும் எழுதிய கட்டுரையும் இதே திசையில்தான் போகிறது: தள்ளிப்போடுவதில் நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததைவிட, இந்த நிமிடத்து மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் அவசரமே பெரிது. அதனால்தான் டைம்டேபிள் போட்டுப் பார்த்தும் உங்களுக்குப் பயன்படவில்லை. (போட்டிருப்பீர்கள் என்றே நம்புகிறேன்.)

ஆகவே நோட்டு மேஜையிலேயே திறந்து கிடக்கட்டும். எழுந்துகொள்ளத் தோன்றும்போது, எழுந்துகொள்வதற்கு முன்பே குறியுங்கள். நான்கே விஷயங்கள். எந்த வரியில் நின்றீர்கள் என்பதை அந்த வரியின் சொற்களிலேயே எழுதுங்கள், ‘மூன்றாம் அத்தியாயம்’ என்று மொத்தமாக எழுத வேண்டாம். அடுத்து, எங்கே போகத் தோன்றியது. மூன்றாவதாக, உடம்பில் எங்கே என்ன தெரிகிறது: தொண்டையா, வயிறா, தோளா, ஒன்றுமே இல்லையா. கடைசியாக ஒரு வாக்கியம்: ‘இதை எழுதிவிட்டால்…’ என்று தொடங்கி, கை போகிற போக்கில் முடியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இப்படிச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நண்பரின் நோட்டைச் சொல்கிறேன். அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். வியாசர்பாடியில் வளர்ந்தவர், இப்போது அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். அப்பா வேலை பார்த்த மில்லைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ஷிப்ட் சங்கு, பஞ்சுத் தூசி, கேட்டுக்கு வெளியே டீக்கடை எல்லாம் மளமளவென்று வந்தன. மில் மூடிய பிறகான பகுதியில் மாதக்கணக்கில் நின்றுபோனார். அவருடைய பழைய நோட்டிலும் உங்களைப் போலவே ‘களைப்பு’ என்றுதான் இருந்தது. முறையை மாற்றிய பிறகு வந்த ஒரு குறிப்பு இது:

‘செவ்வாய், இரவு 9.40. நின்ற வரி: மில் மூடிய அடுத்த தீபாவளிக்கு வீட்டில். மோட்டார் போடப் போகலாம் என்று தோன்றியது. தொட்டி நிறைந்திருப்பது தெரியும். தொண்டை அடைக்கிறது. இதை எழுதிவிட்டால் அப்பாவைக் கேவலமாகக் காட்டியதாகிவிடும்.’

முதல் முறை வருகிற பதில் பெரும்பாலும் இப்படித்தான், கௌரவமாக இருக்கும். அப்பாவின் மரியாதையைக் காப்பாற்றுகிற மகன் என்றால் யாருக்கும் சங்கடமில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டு கட்டுரையையே விட்டுவிடப் பார்த்தார். இன்னும் இரண்டு வாரம் குறியுங்கள், நின்ற வரிகளை மட்டும் தனியாக வரிசையாக எழுதிப் பாருங்கள் என்றேன்.

எழுதிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அப்பா குடித்துவிட்டு வந்ததை அவர் நிற்காமல் எழுதியிருந்தார். கந்துவட்டிக்காரன் வாசலில் நின்றதையும் எழுதியிருந்தார். அப்பாவின் மரியாதைதான் தடையென்றால் அங்கேதானே நின்றிருக்க வேண்டும்? அவர் நின்ற இடங்கள் வேறு. தீபாவளிக்குத் துணி எடுத்தது, பள்ளிக்கூடம் திறந்த நாள், ரேஷன் கடை வரிசை. அந்த வரிகள் எல்லாவற்றிலும் அடுத்ததாக வர வேண்டியவர் அவருடைய அக்கா.

அடுத்த குறிப்பில் ‘பயம்’ என்று எழுதி அடித்திருந்தார். ‘கோபம்’ என்று எழுதி அதையும் அடித்திருந்தார். அதற்குக் கீழே: ‘இதை எழுதிவிட்டால், அக்கா படிப்பை நிறுத்தினார்கள், என் படிப்பை நிறுத்தவில்லை என்பது தெரிந்துவிடும்.’ யாருக்குத் தெரிந்துவிடும்? அக்காவுக்கு அது தெரியாததா என்ன? தனக்குத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிடும், அதுதான். அந்தக் குற்ற உணர்வின் பெயரைத்தான் இத்தனை நாளாகக் களைப்பு என்று எழுதிவைத்திருந்தார்.

பெயர் கிடைத்ததும் கட்டுரை பாய்ந்து வந்துவிடவில்லை. அவர் கொளத்தூருக்குப் போய் அக்காவைப் பார்த்தார். அக்கா அழவுமில்லை, தம்பியைத் தேற்றவுமில்லை. “பத்தாவதோட நிக்கலடா, பிளஸ் ஒன்ல ரெண்டு மாசம் போனேன். புத்தகம்கூட வாங்கியாச்சு” என்று திருத்தினார். அப்புறம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைக்கப் போன முதல் வாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகும் நண்பர் நோட்டில் நிற்கத்தான் செய்தார். ஆனால் இப்போது எழுதியிருந்தது: ‘எக்ஸ்போர்ட் கம்பெனியில் எத்தனை மணிக்கு விடுவார்கள்? தெரியவில்லை. அக்காவுக்குப் போன் போட வேண்டும்.’ தொண்டையும் அடைக்கவில்லை. இந்தத் தடை ஒரு போன்காலில் தீர்கிற தடை.

உணர்வைக் கண்டுபிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். எந்த உணர்வு என்று தெரிந்தால் அடுத்த வேலை எது என்பது தெரியும். எல்லாவற்றையும் பயம் என்று எழுதினால் ஒன்றும் நகராது. சலிப்பு என்று வந்தால், அந்தப் பகுதி உங்களுக்கே தேவைப்படவில்லை, வெட்டிப் பாருங்கள். விஷயம் தெரியாத கூச்சம் என்றால் தகவல் தேட வேண்டும். யாரோ ஒருவர் படித்துவிடுவார் என்ற கலக்கம் என்றால், அந்த ஒருவர் யார் என்று பெயரோடு நோட்டில் எழுதுங்கள். பிறகு அவரிடம் பேசுவதா, அந்தப் பகுதியை யாருக்கும் காட்டாமல் எழுதிவைப்பதா, அடையாளம் மாற்றுவதா என்று முடிவெடுக்கலாம். பொறாமை என்று வந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். கூட எழுதுகிற தோழியின் புத்தகம் வெளிவந்த வாரத்தில் நம் நாவல் நிற்பது சகஜம், யாரும் அதை ‘அசதி’ என்றுதான் குறிப்பார்கள்.

இந்த நோட்டு கெட்டுப்போகிற விதமும் உண்டு. சிலருக்கு இதை எழுதுவதே சுகமாகிவிடும். குறிப்புகள் பக்கம் பக்கமாக நீளும், கதை அங்கேயே இருக்கும். அல்லது ‘இன்றும் எழுதவில்லை, நான் உருப்படமாட்டேன்’ என்று தன்னையே திட்டுகிற இடமாகிவிடும். திட்டு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை, அடுத்த நாள் மேஜைப் பக்கம் போவதை இன்னும் கசப்பாக்கும். 2010-ல் வந்த ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். அதனால் திட்டு வாக்கியம் வந்தால் கோடு போட்டு அடித்துவிட்டு, நின்ற வரிக்குத் திரும்புங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் இந்த நோட்டைத் தொடரவும் வேண்டாம், வரிசை தெரிந்ததும் மூடிவிடலாம்.

இன்னொன்றையும் அக்கறையோடு கேட்கிறேன். நாவலைத் தவிர மற்றதும் நிற்கிறதா? தூக்கம், சாப்பாடு, பிடித்தவர்களோடு பேசுவது எல்லாமே வாரக்கணக்கில் கசந்துபோயிருந்தால், அதை நோட்டில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

அப்படியில்லை என்றால் இன்று இரவு மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, கடைசி வரியை நோட்டில் அப்படியே எடுத்து எழுதுங்கள். அதற்கு அடுத்து கதைக்குள் யார் வர வேண்டியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பழைய குறிப்புகளில் ‘மூட் இல்லை’ என்று போட்ட நாட்களுக்கும், நினைவிருக்கிற வரை, நின்ற வரியைப் பக்கத்தில் சேர்த்துவையுங்கள். விருப்பமிருந்தால் அந்த வரிகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள், காரணங்கள் வேண்டாம்.