ஸ்க்ரீன்ஷாட்டை மொழிபெயர்க்கக் கொடுக்கறதுக்கு முன்னாடி எதை எப்படி மறைக்கணும்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பேங்க் மெசேஜ் வேற மொழியில வந்திருக்கு. அக்கவுண்ட் நம்பர் மேல மொசைக் போட்டு அனுப்பினா போதும்ல?

போதாது. இதை எத்தனை தடவை சொல்லிட்டேன், இந்த வாரமும் இதே கேள்வி நாலஞ்சு வந்திருக்கு. மொசைக்கும் பிளரும் நம்பரை அழிக்கறதில்லங்க, கலக்கி மட்டும்தான் விடுது. ஒவ்வொரு சின்னக் கட்டத்துலயும் இருந்த கறுப்பு வெள்ளையோட சராசரி நிறம் அங்கயே உக்காந்திருக்கும். 1-ல கோடு கம்மி, அதனால கட்டம் வெளுப்பா வரும், 8-ல கோடு ஜாஸ்தி, கொஞ்சம் கறுத்து வரும். அந்த ஆப் என்ன ஃபான்ட் யூஸ் பண்ணுதுன்னு யாரும் பார்த்துக்கலாம், அதே ஃபான்ட்ல அதே சைஸ்ல 0-லேருந்து 9 வரைக்கும் டைப் பண்ணி அதே மொசைக்கைப் போட்டு உங்க படத்தோட ஒவ்வொண்ணா ஒப்பிட்டா எது பொருந்துதுன்னு தெரிஞ்சுடும். 12 இலக்க நம்பர்னா மொத்தமா லட்சம் கோடி சாத்தியம்னு நினைச்சுக்கறோம், ஆனா ஒவ்வொரு இலக்கமா பார்த்தா பன்னெண்டு தடவை பத்து, மொத்தம் 120 ஒப்பீடு, அவ்ளோதான். கட்டம் பெருசாகி ரெண்டு இலக்கம் ஒரே கட்டத்துல விழுந்தாலும் ஜோடிக்கு நூறுதான், கம்ப்யூட்டருக்கு அது ஒரு வேலையே இல்ல. மொசைக் போட்ட எழுத்தை மீட்கறதுக்கு டெபிக்ஸ்னு ஒரு புரோகிராம் 2020-லயே இலவசமா வந்தாச்சு. கறுப்புப் பெட்டி போடுங்க, முழுக் கறுப்பு, வேற எதுவும் வேணாம்.

கேள்வி: போன்லயே கறுப்பு மார்க்கரால நாலு தடவை தேச்சேன். ஒண்ணுமே தெரியல. சரிதானே?

எந்த மார்க்கர்னு எழுதாம கேட்டா நான் என்னத்தச் சொல்றது? ஹைலைட்டர் மாதிரி பேனான்னா அது பாதி கண்ணாடி, கண்ணுக்குக் கறுப்பாத் தெரியும், ஆனா அடியில எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல லேசா வித்தியாசம் மிச்சமிருக்கும். சேவ் பண்ண படத்தை கேலரியில திறந்து எடிட்ல பிரைட்னஸ், எக்ஸ்போஷர், ஷேடோ மூணையும் கடைசி வரைக்கும் ஏத்திப் பாருங்க. எழுத்து எட்டிப் பாத்துச்சுன்னா அனுப்பாதீங்க. கறுப்புப் பெட்டிதான்.

கேள்வி: கார்டு நம்பர்ல ரெண்டு இலக்கம் மட்டும் மறைச்சிருக்கேன்.

ஏன் ரெண்டு மட்டும்? கார்டு நம்பரோட கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், மத்ததையெல்லாம் வெச்சுக் கணக்குப் போட்டு வர்றது. ஒண்ணை மறைச்சா அந்தக் கணக்கே அதைச் சொல்லிடும், ரெண்டை மறைச்சா பத்து ஜோடிதான் மிஞ்சும். மொழிபெயர்க்கறவருக்கு அந்த நம்பரே தேவையில்ல, முழுசா மூடுங்க.

கேள்வி: பேரையெல்லாம் மறைச்சு அனுப்பினேன், "யார் யார்கிட்ட பேசறாங்கன்னே புரியல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

அவங்க சொல்றது நியாயம்தான். மூணு பேர் பேசற சாட்ல மூணு பேரும் ஒரே கறுப்புப் பட்டையா நின்னா, "சொல்லிட்டேன்"னு யார் சொன்னதுன்னு எப்படிப் பிரிக்கறது? பெட்டி போட்டுட்டு அது மேல வெள்ளை எழுத்துல "அ", "ஆ", "இ"ன்னு எழுதுங்க, ஒரு ஆளுக்குக் கடைசி வரைக்கும் ஒரே எழுத்து. கூடவே தனியா ஒரு வரி: "அ என் மேலதிகாரி, பெண். ஆ கூட வேலை செய்றவர், ஆண்." இது தெரிஞ்சாதான் அவர், அவன், நீங்க, நீன்னு மரியாதையைச் சரியா வைக்க முடியும். பேர் மேல இருக்கற தலைப்புல மட்டும் இருக்காது, மெசேஜுக்கு நடுவுல கூப்பிடற இடத்துலயும், ரிப்ளை பண்ணும்போது மேல சின்னதா தொங்கற பழைய மெசேஜ்லயும் இருக்கும். போன வாரம் ஒருத்தர் எனக்கு அனுப்பினதுல ஒன்பது இடம் மறைச்சிருந்தாரு, பத்தாவதா அந்த ரிப்ளை துண்டுல பேர் முழுசா நிக்குது.

கேள்வி: முகத்துல கண்ணை மட்டும் மறைச்சா போதுமா?

இல்ல. தெரிஞ்சவங்களுக்கு வாயும் தாடையும் முடியுமே போதும். சுழல் எஃபெக்டும் வேணாம், 2007-ல இன்டர்போல் தேடின ஒருத்தர் தன் முகத்தைச் சுழட்டித்தான் விட்டிருந்தார், அதைத் திருப்பிச் சுழட்டி முகத்தை எடுத்தாங்க. மொழிபெயர்ப்புக்கு முகம் எதுக்கு? டிபியையும் சேர்த்து மூடுங்க.

கேள்வி: பேர் இருக்கற பகுதியை கிராப் பண்ணிட்டேன், போயிடுச்சுல்ல?

பெரும்பாலும் போயிருக்கும். ஆனா 2023-ல சில போன்லயும் விண்டோஸ் ஸ்க்ரீன்ஷாட் டூல்லயும் வெட்டின பகுதி ஃபைலுக்குள்ளயே ஒட்டிட்டு இருந்தது வெளியில வந்துச்சு. அப்டேட் விட்டுச் சரி பண்ணிட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி கிராப் பண்ணி வெச்ச படம் தானா சரியாகாது. சந்தேகமா இருந்தா, கிராப் பண்ணி பெட்டி போட்ட படத்தை ஸ்க்ரீன்ல திறந்து வெச்சு அதையே புதுசா ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. அதுல கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: பிடிஎஃப்ல கறுப்புப் பெட்டி வரைஞ்சா?

அடியில இருக்கற எழுத்தை காப்பி பண்ணி எடுத்துடலாம். படமா மாத்தி அனுப்புங்க.