சர்வே நம்பர் எங்கே?

அன்புள்ள சார்,

எம்.எஸ்ஸி. தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். பி.எச்டி. இடம் கேட்டு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் 112 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அனுப்பிய கடிதத்தை இணைத்திருக்கிறேன். என் ஆங்கிலம் சரியில்லையா? சிவியில் புகைப்படம் வைக்கவேண்டுமா? கிராமத்துக் கல்லூரி என்று ஒதுக்குகிறார்களா?

தமிழ்ச்செல்வி

அன்புள்ள தமிழ்ச்செல்வி,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் அப்பாவின் பழைய சாய்வு மேஜையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தோம். இல்லாவிட்டால் பதில் எழுத இன்னும் ஒரு மாதம் ஆகியிருக்கும்.

புகைப்படம் வேண்டாம். ஆங்கிலம் போதும். கல்லூரிப் பெயரைப் பார்க்கும் அளவுக்கு உங்கள் கடிதத்தை யாரும் படித்திருக்கமாட்டார்கள், ஏனென்றால் அது ஐந்தாவது பத்தியில் இருக்கிறது. முதல் பத்தி முழுக்க வணக்கம், இரண்டாவதில் சிறுவயது முதலே உங்களுக்கு அறிவியலில் இருந்த ஆர்வம், மூன்றாவதில் அவருடைய "உலகப் புகழ்பெற்ற ஆய்வகம்". எந்த ஆய்வகம்? 112 பேருக்கும் அதே வரிதானே? ஒரு பெயரின் எழுத்துரு மட்டும் மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. வெட்டி ஒட்டியது உங்களுக்குத் தெரியவில்லை, வாங்கியவருக்கு முதல் நொடியிலேயே தெரிந்திருக்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நானும் இதைச் செய்தவன்தான். 2001ல் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அறுபது பேருக்கு இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினேன். ஒரே ஒருவர் பதில் போட்டார், அதுவும் ஒரே வரி: நீ என்ன செய்ய விரும்புகிறாய்? இரண்டு பக்கத்தில் அதைத் தவிர எல்லாம் எழுதியிருந்தேன் போல. பதில் சொல்லத் தெரியாமல் ஒரு வாரம் அலைந்துவிட்டு, கடிதத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். ஆங்கிலம் படிக்க மாட்டார். வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார், பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "எல்லாம் சரி, இதுல சர்வே நம்பர் எங்கடா?"

மனு என்றால் கெஞ்சுவது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கற்றுத்தந்த லீவ் லெட்டர் செய்த வேலை அது. பணிவான வணக்கமும் தாழ்மையான வேண்டுகோளும் போட்டால் ஆயிற்று என்று ஒரு பழக்கம். அப்பா அப்படி ஒரு மனுவும் எழுதியதில்லை. பட்டா மாறுதலுக்கு ஒருவர் வந்தால் பங்காளிச் சண்டையிலிருந்துதான் ஆரம்பிப்பார். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு ஊர், சர்வே நம்பர், உட்பிரிவு, பத்திர நம்பர், தேதி, அப்புறம் என்ன வேண்டும் என்று ஒரு வரி, இவ்வளவுதான் எழுதுவார். கதையையும் எழுதியே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இரண்டாவது தாளில் எழுதி, பின்னால் குத்திவிடுவார். அந்தத் தாளை எந்தத் தாசில்தாரும் புரட்டியதில்லை என்று அவருக்குத் தெரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சர்வே நம்பர் கடிதத்திலேயே இருக்கிறது, ஆறாவது பத்தியில். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, IR64 மூன்றின் கண்ணாடி இலையிலும் இலைத்துளைகளை எண்ணியிருக்கிறீர்கள். நெல் இலையில் நுண்ணிய மேடுகள் இருப்பதால் நெய்ல் பாலிஷ் அச்சு சரியாக உரிந்துவரவில்லை என்றும், பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் பசையை முதலில் அழுத்தி, அதன்மேல் நெய்ல் பாலிஷ் பூசி எடுத்தீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தத் துறையில் இருப்பவரும் நிமிர்வார், ஏனென்றால் அவருடைய மாணவர்களும் அதே தொல்லையைப் பட்டிருப்பார்கள். இதைப் போய் "ஆய்வு அனுபவம் உண்டு" என்ற வரிக்குக் கீழே ஒளித்துவைத்தால் எப்படி?

இலைத்துளை என்றால் 2019ல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று வெளியிட்ட கட்டுரையைத் தவிர்க்கமுடியாது. IR64ல் OsEPF1 என்ற மரபணுவை மிகுதியாக இயங்கவைத்துத் துளைகளைக் குறைத்தார்கள். செடி குறைந்த நீரை இழந்தது, வறட்சியையும் கூடுதலாகத் தாங்கியது. 40 டிகிரி வெப்பத்தில் எப்படி என்று கேட்டுவிடாதீர்கள், அதையும் அவர்களே சோதித்து அதே கட்டுரையில் எழுதிவிட்டார்கள். கட்டுரையைப் படிக்காமல் கேள்வி கேட்பவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். உங்கள் கையில் இருக்கும் எண்ணிக்கையிலிருந்து வரும் கேள்வி வேறு. அதை ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் தமிழில் போட்டுக் காட்டுகிறேன்.

தலைப்பு: நாட்டு நெல் ரகங்களில் இலைத்துளை அடர்த்தி, அடுத்த அக்டோபர் பி.எச்டி. குறித்து

"அன்புள்ள பேராசிரியர் (குடும்பப்பெயர்), நான் (கல்லூரி) எம்.எஸ்ஸி. தாவரவியல் மாணவி, மே மாதம் முடிக்கிறேன். ஆய்வேட்டுக்காக இரண்டு நாட்டு நெல் ரகங்களிலும் IR64லும் கண்ணாடி இலையின் இலைத்துளைகளைப் பல் மருத்துவப் பசையால் அச்செடுத்து எண்ணினேன். 2019ல் நீங்கள் OsEPF1 மூலம் குறைத்த அடர்த்திக்கு அருகில் இயல்பாகவே இருக்கும் நாட்டு ரகங்கள் உண்டா, இருந்தால் அவையும் அதேபோல நீரைச் சேமிக்கின்றனவா என்று தேட விரும்புகிறேன். முதல் எண்ணிக்கையை ஒரு பக்கமாக இணைத்துள்ளேன். அடுத்த அக்டோபருக்கு இந்தத் துறையில் மாணவர் எடுக்கிறீர்களா? வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கக்கூடிய நிதி அதில் உண்டா?"

அவ்வளவுதான். போனில் திரையைத் தள்ளாமலே கிட்டத்தட்ட முழுதும் தெரியும். கட்டுரையில் பெயருள்ள வேறொருவருக்கு எழுதினால் "நீங்கள்" என்பது பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனில் அரசு ஆய்வு நிதியில் வெளிநாட்டு மாணவர்களும் 2021 முதல் சேரலாம், ஆனால் ஒரு தொகுதி மாணவர்களில் அவர்களை 30 சதவீதத்துக்கு மேல் எடுக்கமாட்டார்கள். ஆகவே பேராசிரியருக்கு உங்களைப் பிடித்திருந்தாலும் இடம் அவர் கையில் மட்டும் இருப்பதில்லை. ஜெர்மனியில் பெரும்பாலும் அவரே தன் திட்டப் பணத்தில் ஆளெடுப்பார், அங்கே "இடம் காலியா" என்றே கேட்கலாம். அமெரிக்காவில் பல துறைகளில் குழுதான் முடிவெடுக்கும், விண்ணப்பம் டிசம்பர் வாக்கில் முடிந்துவிடும், எனவே செப்டம்பரிலேயே "அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா" என்று கேட்டுவிட வேண்டும். நீங்கள் மூன்று நாட்டுக்கும் ஒரே வரியை பிப்ரவரியில் அனுப்பியிருக்கிறீர்கள்.

பதில் வரும்போது அதைப் படிக்கவும் தெரியவேண்டும். "இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள்" என்றால் மறுப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், பல இடங்களில் வழியே அதுதான். "இப்போது நிதி இல்லை" என்றால், உதவித்தொகையோடு வந்தால் ஏற்பீர்களா என்று ஒரே வரி கேட்கலாம். ஒன்றும் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து, பழைய மின்னஞ்சலுக்குக் கீழேயே, ஒருமுறை நினைவூட்டுங்கள். ஒருமுறைதான்.

அப்புறம் அந்த 14 எம்பி இணைப்பு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், என்.சி.சி. சான்றிதழ், கட்டுரைப் போட்டி இரண்டாம் பரிசு. அதுதான் அப்பா பின்னால் குத்தும் இரண்டாவது தாள். எடுத்துவிடுங்கள். எண்ணிக்கைப் பக்கமும் இரண்டு பக்க சிவியும் போதும், ஒரே பிடிஎஃப்பாக.

112 பேரை ஏழெட்டுப் பேராகக் குறைத்து, ஒவ்வொருவருக்கும் அவருடைய கட்டுரையைப் படித்துத் தனியாக எழுதுங்கள். முதல் கடிதத்தை அனுப்புமுன் எனக்கு ஒரு நகல் போடுங்கள். எண்ணிக்கைப் பக்கத்தில் இலையின் மேல்புறமா கீழ்ப்புறமா என்று நீங்கள் குறிக்கவே இல்லை, அதையும் சேர்த்துவிடுங்கள், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.