பொடிக் கட்டச் சேலையில் அலை எப்படி வந்தது? பெரிய படத்தைச் சின்னதாக்குவது பற்றி ஒரு கேள்வி பதில்

போட்டோவைத் தம்ப்நெயில் ஆக்கும்போது வரும் கோளாறுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, நான் ஆன்லைனில் காட்டன் சேலை விற்கிறேன். பொடிக் கட்டம் போட்ட சேலை, போட்டோ 4000 பிக்சல் அகலம், பெரிதாகப் பார்த்தால் அருமையாக இருக்கிறது. வெப்சைட்டில் 200 பிக்சல் படமாக வரும்போது மட்டும் சேலையில் இல்லவே இல்லாத பட்டை பட்டையான அலை தெரிகிறது. ஒரு கஸ்டமர் "நான் பார்த்த டிசைன் இது இல்லை" என்று திருப்பியே அனுப்பிவிட்டார். கேமரா மாற்ற வேண்டுமா?

வேண்டாம்மா. கேமரா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. 4000-ஐ 200 ஆக்குவது என்றால் 20 பிக்சலுக்கு ஒரு பிக்சல். உங்கள் வெப்சைட் என்ன செய்கிறது என்றால், 20-க்கு ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதி 19-ஐத் தூக்கிப் போட்டுவிடுகிறது. இந்த முறைக்கு நியரஸ்ட் என்று பெயர். உங்கள் சேலையில் 21 பிக்சலுக்கு ஒரு கோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பொறுக்கு ஒரு கோட்டின் நட்டநடுவில் விழுகிறது. அடுத்தது 20 பிக்சல் தள்ளி விழுகிறது, ஆனால் அடுத்த கோட்டின் நடுவோ 21-ல் இருக்கிறது, ஒரு பிக்சல் முன்னாடியே விழுந்துவிட்டது. அதற்கடுத்தது 2 பிக்சல் முன்னாடி, அப்புறம் 3. இப்படி நழுவி நழுவி 21-வது தடவைதான் மறுபடியும் கோட்டின் நடுவுக்கு வந்து சேரும். ஆகவே சின்னப் படத்தில் 21 பிக்சல் அகலத்தில் ஒரு பொய்ப் பட்டை உருவாகிறது. சேலையில் நிஜமாக இருப்பது 190 கோடு, கஸ்டமர் பார்த்தது ஒன்பது பத்து தடித்த பட்டை.

இது பொய்ப் பட்டைதானா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அதே படத்தை 200-க்குப் பதிலாக 170 அகலத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நிஜ டிசைனாக இருந்தால் படத்தோடு சேர்ந்து அதுவும் கொஞ்சம் சுருங்கும், பட்டைகளின் எண்ணிக்கை மாறாது. பொய்யாக இருந்தால் எண்ணிக்கையே மாறிப்போகும்.

தீர்வு ஒன்றுதான்: சின்னப் படத்தின் ஒவ்வொரு பிக்சலும் தனக்குக் கீழே வரும் 20-க்கு 20, அதாவது 400 பிக்சலையும் கேட்டுவிட்டுத்தான் தன் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். வெப்சைட் செய்து தந்தவரிடம் கேளுங்கள். PHP-யில் எழுதியிருந்தால் அநேகமாக `imagecopyresized` என்று இருக்கும், அதை `imagecopyresampled` என்று மாற்றினாலே பெரும்பாலும் போதும், அடைப்புக்குள் இருப்பதைத் தொட வேண்டியதில்லை. மாற்றிய பிறகு கட்டம் தெரியாது, சேலை ஒரே நிறமாகத் தெரியும். இருநூறு பிக்சலில் 190 கோட்டை யாராலும் காட்ட முடியாது, தூரத்தில் நின்று பார்த்தாலும் நம் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். கட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் முந்தானையில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் வெட்டி இரண்டாவது தம்ப்நெயிலாகப் போடுங்கள்.

இதெல்லாம் நியரஸ்ட் போடுகிறவர்களுக்கு வரும் பிரச்சினை சார். பைக்யூபிக் போட்டால் வராது. நான் `cv2.INTER_CUBIC` போட்டுத்தான் எல்லாம் செய்கிறேன்.

பாதி சரி. நியரஸ்ட் மோசம் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் போடும் `cv2`, அதாவது ஓப்பன்சிவி என்ற நூலகத்தில் அந்த கியூபிக் எவ்வளவு சுருக்கினாலும் சுற்றியுள்ள 4-க்கு 4, அதாவது 16 பிக்சலைத்தான் பார்க்கும். இருபது மடங்கு சுருக்கும்போது கேட்க வேண்டியது 400, கேட்பது 16. மீதி 384 பேரும் வாயே திறக்கவில்லை. இரண்டு மடங்குக்குள் சுருக்கினால் இது பெரிதாகத் தெரியாது, அதனால்தான் உங்களுக்கு இதுவரை மாட்டவில்லை என்று நினைக்கிறேன். சேலைக்காரம்மாவின் படத்தைக் கொடுத்துப் பாருங்கள், அலை வரும்.

இங்கே குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், பில்லோ என்ற இன்னொரு பைத்தான் நூலகத்திலும் பைக்யூபிக் என்று அதே பெயர் இருக்கிறது, ஆனால் அது சுருக்கும் அளவுக்கு ஏற்பத் தன் வலையை அகலமாக்கிக்கொள்ளும். இருபது மடங்கு என்றால் குறுக்கே 80 பிக்சல் வரை போய்ப் பார்த்துவிட்டு வரும். ஒரே பெயர், இரண்டு நடத்தை. ஓப்பன்சிவியிலேயே இருக்க வேண்டுமென்றால் சுருக்குவதற்கு `INTER_AREA` போடுங்கள்.

அப்போ INTER_AREA போட்டுவிட்டால் அலை முழுசாகப் போய்விடுமா?

முழுசாக என்று சொல்ல மாட்டேன். அது வெறும் சராசரி. 21 பிக்சல் இடைவெளிக் கோட்டில் அலையின் பலம் சுமார் 5 சதவீதமாகக் குறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கோடுகள் 30 பிக்சலுக்கு ஒன்று என்று இருந்தால் 40 சதவீதம் வரை தப்பித்துவிடும், மூன்று பிக்சலுக்கு ஒரு தடவை நெருக்க நெருக்கமாக ஒரு பொய்க்கோடு தெரியும். அப்படி மாட்டினால் பில்லோவில் இருக்கும் லாங்க்சோஸ் என்ற ஃபில்டர் இன்னும் சுத்தமாக வடிகட்டும்.

```python
from PIL import Image
im = Image.open("selai.jpg").convert("RGB")
h = round(im.height * 200 / im.width)
im.resize((200, h), Image.Resampling.LANCZOS).save("selai_200.png")
```

லாங்க்சோஸுக்கும் ஒரு விலை உண்டு. கறுப்பு எழுத்து, கூர்மையான விளிம்பு உள்ள இடங்களில் ஓரமாக மெல்லிய ஒளிவட்டம் போலப் படரும். துணி, இலை, முகம் இதற்கெல்லாம் நான் யோசிக்காமல் லாங்க்சோஸ் போடுவேன். எழுத்துள்ள படத்துக்குச் சராசரியோடு நிறுத்திக்கொள்வேன்.

நான் நில அளவை FMB வரைபடங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன அதே லாங்க்சோஸ்தான் போட்டேன், ஆனாலும் எல்லைக்கோடு துண்டு துண்டாகப் புள்ளி வைத்த மாதிரி வருகிறது. அப்போ லாங்க்சோஸும் பிரயோஜனம் இல்லையா?

உங்கள் ஸ்கேன் கறுப்பு-வெள்ளை மட்டும் உள்ள ஒரு பிட் படம் என்று நினைக்கிறேன். `im.mode` என்று கேட்டுப் பாருங்கள், `1` என்று வந்தால் அதுதான் காரணம். அந்த வகைப் படத்துக்கு நீங்கள் என்ன ஃபில்டர் கேட்டாலும் பில்லோ சத்தம் போடாமல் நியரஸ்ட்டுக்கு மாறிக்கொள்ளும். எர்ரரும் வராது, எச்சரிக்கையும் வராது. நிறப் பட்டியல் வைத்த `P` வகைக்கும் இதே கதைதான். நானும் இதில் மாட்டி ஒரு நாள் முழுக்க ஃபில்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முதலில் `convert("L")` செய்துவிட்டுச் சுருக்குங்கள், கோடு அறுபடாது.

ஆனால் அடுத்து ஒன்று கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கோடு முழுசாக வரும், வெளிறிப்போய் வரும். A4 தாள் 600 டிபிஐயில் 4960 பிக்சல் அகலம், அதை 300 ஆக்கினால் 16 மடங்குக்குக் கொஞ்சம் மேல். கோடு 5 பிக்சல் தடிமன் என்றால் சின்னப் படத்தில் அது ஒரு பிக்சலின் 30 சதவீதத்தைத்தான் நிரப்பும். வெளிர் சாம்பல்தான் கிடைக்கும், எந்த ஃபில்டராலும் இதை மாற்ற முடியாது. சுருக்குவதற்கு முன்னாலேயே கோட்டைத் தடிக்க வைக்க வேண்டும்:

```python
from PIL import Image, ImageFilter
im = Image.open("fmb.tif").convert("L")
im = im.filter(ImageFilter.MinFilter(9))
h = round(im.height * 300 / im.width)
im.resize((300, h), Image.Resampling.BOX).save("fmb_300.png")
```

அந்த 9 என்பது 5 பிக்சல் கோட்டை 13 ஆக்கும், கிட்டத்தட்ட ஒரு பிக்சலின் 80 சதவீதம். எல்லை பளிச்சென்று தெரியும். அளவு எண்கள் அப்பிக்கொள்ளும், ஆனால் 300 பிக்சலில் அவற்றை எப்படியும் படிக்க முடியாது. மூலப் படத்தின் மேல் சேமித்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.

வணக்கம். என்னிடம் பழைய கல்யாணப் போட்டோவின் தம்ப்நெயில் மட்டும்தான் இருக்கிறது, 160 பிக்சல். அதைப் பெரிதாக்க எந்த ஃபில்டர் போட வேண்டும்?

இங்கே பேசுவது பெரியதைச் சின்னதாக்குவது பற்றிங்க. உங்களுடையது நேர் எதிர். சராசரியில் கரைந்துபோன 400 பிக்சலைத் திரும்பப் பிரித்தெடுக்க எந்த ஃபில்டராலும் முடியாது. போட்டோ எடுத்தவரிடம் மூலக் கோப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

மார்கழிக் கோலப் போட்டோக்கள் போடுகிறேன். இருட்டுத் தரையில் வெள்ளைக் கோடு. சராசரி எடுத்துத்தான் சுருக்குகிறேன், அலை இல்லை, ஆனால் கோலம் மங்கிவிடுகிறது. ஷார்ப்பன் செய்தால் சொரசொரவென்று ஆகிறது.

ஷார்ப்பனை விட்டுவிடுங்கள், இது வெளிச்சக் கணக்கு. கோப்பில் இருக்கும் 0 முதல் 255 வரையான எண்கள் வெளிச்சத்தின் நேர் அளவு இல்லை, வளைந்த அளவு. அவற்றை அப்படியே கூட்டி வகுத்தால் வெள்ளைக் கோட்டுக்குச் சேர வேண்டிய வெளிச்சம் சேராது. தரை 60, கோடு 220, சின்னப் பிக்சலில் ஐந்தில் ஒரு பங்கு கோடு என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். நேராகச் சராசரி எடுத்தால் 92 வரும். வெளிச்ச அளவுக்கு மாற்றிச் சராசரி எடுத்துத் திரும்ப மாற்றினால் 117. இதைத்தான் லீனியரில் சுருக்குவது என்பார்கள். தரையின் 60-லிருந்து பார்த்தால் கோட்டின் எடுப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. இமேஜ்மேஜிக்கில் ஒரே வரி:

```
magick kolam.jpg -colorspace RGB -filter Lanczos -resize 200x -colorspace sRGB kolam_200.png
```

கோலத்துக்கு நீங்கள் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். என் படங்களில் வானத்துக்குக் குறுக்கே மின்கம்பி போகும். லீனியரில் சுருக்கினால் கம்பி இன்னும் மங்குகிறது, சாதாரணமாகச் சுருக்கினால்தான் தெரிகிறது.

நீங்கள் பார்த்தது உண்மை. வானம் 200, கம்பி 30, 20 பிக்சலில் 3 பிக்சல் கம்பி என்றால் சாதாரண சராசரி 175 தரும், லீனியர் 186 தரும். 186-தான் வெளிச்சப்படி சரி, தூரத்திலிருந்து கம்பி அவ்வளவு மெல்லியதாகத்தான் தெரியும். ஆனால் உங்கள் படத்துக்குக் கம்பிதான் உயிர் என்றால் சரியான கணக்கு உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. இருட்டில் வெளிச்சக் கோடு என்றால் லீனியர், வெளிச்சத்தில் இருட்டுக் கோடு என்றால் சாதாரணம் என்று பிரித்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை, ஒரே ஆல்பத்தில் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறிப்போகும். ஆனாலும் உங்களைத் தவறு என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

அண்ணா, சேலை விற்கிறவள்தான். நீங்கள் சொன்ன வரியை மாற்றிவிட்டார்கள், எல்லாம் சரியாகிவிட்டது. ஒரே ஒரு பட்டுச் சேலையில் மட்டும் இன்னும் அலை இருக்கிறது, அதுவும் பச்சையும் ஊதாவுமாக.

நிறத்தோடு வருகிறது என்றால் இது வேறு இடத்தில் நடந்தது. மூலப் படத்தைத் திறந்து 100 சதவீத அளவில் பாருங்கள், அங்கேயே அந்த நிறப்பட்டை இருக்கும் என்று நினைக்கிறேன். நெசவின் இடைவெளியும் கேமரா சென்சாரின் இடைவெளியும் மோதியிருக்கின்றன. சென்சாரில் சிவப்பையும் நீலத்தையும் பார்க்கும் புள்ளிகள் பச்சையைவிடக் குறைவு, அதனால்தான் நிறமாகப் பிரிகிறது. படம் எடுக்கும்போதே ஏறிவிட்டதால் சுருக்கும் முறையை மாற்றி இதை எடுக்க முடியாது. அந்த இடத்தில் மட்டும் நிறத்தைக் குறைத்தால் பச்சை ஊதா போகும், இருட்டும் வெளிச்சமுமான பட்டை நிற்கும்.

முடிந்தால் மறுபடி எடுத்துவிடுங்கள். இரண்டடி பின்னால் போயோ முன்னால் வந்தோ ஒன்று, சேலையைக் கொஞ்சம் சாய்த்து ஒன்று என்று நாலைந்து எடுங்கள். எடுத்ததும் கேமராத் திரையில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், ஏனென்றால் அந்தத் திரையில் முழுப் படமாகத் தெரிவதும் சுருக்கிய படம்தான், அதுவே அலை காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.