தாங்கல் கரைசல்: தயாராக வாங்குவதா, நாமே கலப்பதா?

கேள்வி: மேல்நிலை வகுப்பில் தாங்கல் கரைசலைச் (பஃபர்) செய்து காட்ட வேண்டும். பிஎச் 4, பிஎச் 7 என்று எழுதி விற்கும் பாட்டில்களை வாங்கினால் போதுமா? இல்லை, அமிலத்தையும் உப்பையும் தனித்தனியாக வாங்கி நாங்களே கலக்க வேண்டுமா? அமிலம் ஊற்றியும் பிஎச் ஏன் பெரிதாக மாறுவதில்லை என்பதையும் எளிமையாகச் சொல்லுங்கள்.

பதில்: தனித்தனியாக வாங்கிக் கலப்பதே நல்லது. அந்தப் பாட்டில்கள் பிஎச் மீட்டரைச் சரிபார்ப்பதற்காகத் தயாரிக்கப்படுபவை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துவிடாமல் இருக்க, பல நிறுவனங்கள் அவற்றுக்குச் சாயம் ஏற்றி விற்கின்றன. அதில் நிறங்காட்டியையும் விட்டால், கண்ணுக்குத் தெரிவது சாயமா நிறங்காட்டியா என்று யாராலும் சொல்ல முடியாது. பிஎச் 4 பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற ஒரே பொருளின் கரைசல். தாங்கல் என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்து செய்யும் வேலை என்பதை மாணவர்களுக்குக் காட்ட அது உதவாது.

அந்த இரண்டு பொருள்கள் எவை? ஒரு வீரியம் குறைந்த அமிலமும், அதே அமிலத்தின் உப்பும். அசிட்டிக் அமிலத்தை நீரில் விட்டால் அதன் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை பிரியாமல், ஹைட்ரஜனைத் தம்மிடமே வைத்திருக்கும். சோடியம் அசிட்டேட் கரையும்போது ஏராளமான அசிட்டேட் அயனிகள் வருகின்றன. இவை ஹைட்ரஜன் அயனியைக் கண்டால் பிடித்துக்கொள்பவை. கரைசலில் வெளியிலிருந்து அமிலம் விழுந்தால் அசிட்டேட் அதைப் பிடித்து அசிட்டிக் அமிலமாக மாறிவிடும். காரம் விழுந்தால், பிரியாமல் இருந்த அசிட்டிக் அமிலம் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை நீராக்கிவிடும். இரண்டு பக்கமும் கையிருப்பு இருக்கிறது. இந்த இரண்டின் விகிதம்தான் பிஎச்சைத் தீர்மானிக்கிறது. விகிதம் கொஞ்சம் மாறினால் பிஎச்சும் கொஞ்சமே மாறும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் குளோரைடையும் கலந்தால் இது நடக்காது. குளோரைடு அயனிக்கு ஹைட்ரஜனைப் பிடித்து வைக்கும் குணமே இல்லை. "அமிலமும் அதன் உப்பும்" என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தேர்வில் தவறுவது இங்கேதான்.

இனி வாங்குவது. சோடியம் அசிட்டேட் இரண்டு வகையாக வரும்: நீரற்றது, மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். லேபிளில் CH3COONa என்று மட்டும் இருந்தால் நீரற்றது, CH3COONa·3H2O என்று இருந்தால் படிகம். அரை லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு நீரற்றது 4.1 கிராம் வேண்டும், படிகம் என்றால் 6.8 கிராம். எது மலிவோ அதை வாங்கலாம், ஆனால் எடையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. படிகத்தை வாங்கிவிட்டு 4.1 கிராம் போட்டால் உப்பு ஐந்தில் மூன்று பங்குதான் இருக்கும். பிஎச் 0.2 அளவுக்கு இறங்கும், தாங்கும் சக்தியும் குறையும்.

அமிலத்துக்கு, அடர் அசிட்டிக் அமிலம் என்றால் 2.9 மி.லி. போதும். ஆனால் அது தோலைப் புண்ணாக்கும், எளிதில் தீப்பற்றும். வகுப்புக்கு மட்டும் என்றால் 5 சதவீத வெள்ளை வினிகர் 60 மி.லி. எடுத்தால் அதே வேலை நடக்கும். நிறமுள்ள வினிகர் வேண்டாம். உப்பை முதலில் 300 மி.லி. வாலை வடிநீரில் கரைத்து, அமிலத்தைச் சேர்த்து, பிறகு மொத்தத்தை 500 மி.லி. ஆக்குங்கள். கணக்குப்படி பிஎச் 4.76. மீட்டரில் 4.65 அருகில் காட்டினால் பயப்பட வேண்டாம். அயனிகள் ஒன்றையொன்று பாதிப்பதை எளிய சமன்பாடு கணக்கில் எடுப்பதில்லை, வித்தியாசம் அதனால்தான்.

வகுப்பில் காட்ட மெத்தில் ஆரஞ்சு மிகப் பொருத்தமானது. பிஎச் 4.4-க்கு மேல் மஞ்சள், 3.1-க்குக் கீழ் சிவப்பு. ஆகவே நீரும் தாங்கல் கரைசலும் ஒரே மஞ்சளில் தொடங்கும். ஒரு பீக்கரில் 100 மி.லி. வாலை வடிநீர், இன்னொன்றில் 100 மி.லி. தாங்கல் கரைசல், இரண்டிலும் நான்கு சொட்டு மெத்தில் ஆரஞ்சு. சொட்டுவதற்கு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இதை நீர்த்த நிலையிலேயே வாங்குங்கள், அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும் வேலை மிச்சம்.

நீரில் இரண்டே சொட்டில் சிவப்பு வந்துவிடும். தாங்கல் கரைசலில் இருபது சொட்டு, அதாவது ஏறக்குறைய 1 மி.லி., விட்டாலும் மஞ்சள் அப்படியே நிற்கும். கணக்கைக் கரும்பலகையில் போடலாம். 100 மி.லி.-இல் அசிட்டேட் 10 மில்லிமோல், அமிலம் 10 மில்லிமோல். சேர்த்த 1 மில்லிமோல் அமிலம் இதை 9-க்கு 11 ஆக்குகிறது. 9/11-இன் மடக்கை −0.09, எனவே 4.76 என்பது 4.67 ஆகிறது. அதே 1 மி.லி. நீரில் விழுந்தால் பிஎச் 2.

இதோடு நிறுத்தாதீர்கள். மூன்று, நான்கு மி.லி. தாண்டும்போது மஞ்சள் மெல்ல ஆரஞ்சாகும். 10 மி.லி.-இல் அசிட்டேட் முழுவதும் தீர்ந்துவிடும், கரைசல் சிவக்கும், பிஎச் 2.7 அளவுக்கு வந்திருக்கும். தாங்கல் என்றால் மாறவே மாறாது என்று மாணவர்கள் நம்பிவிடாமல் இருக்க, இந்தப் பகுதிதான் முக்கியம். என் கணிப்பில் முதல் சொட்டுகளைவிட இதுவே அதிகம் கற்றுத்தரும்.

காரப் பக்கத்தைக் காட்ட மெத்தில் ஆரஞ்சு உதவாது, அது மஞ்சளாகவே இருக்கும். புதிதாக இரண்டு பீக்கர் எடுத்து, பினால்ப்தலீனும் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் பயன்படுத்துங்கள். நீர் ஒரு சொட்டில் இளஞ்சிவப்பாகும். தாங்கல் கரைசலுக்கு ஏறத்தாழ 10 மி.லி. தேவைப்படும்.

பெரும்பாலும் சோதனை கெடுவது தாங்கல் கரைசலால் அல்ல, ஒப்பிட வைத்த நீரால். குழாய் நீர், கிணற்று நீர் எதிலும் பைகார்பனேட் இருக்கும், அதுவே ஒரு சிறு தாங்கல்! கடின நீரில் ஏழெட்டுச் சொட்டு விட்டும் சிவப்பு வராமல் போகலாம். அப்படி ஆனால் சந்தேகப்பட வேண்டியது அமிலத்தை அல்ல, நீரை. வாலை வடிநீர் கட்டாயம்.

தாங்கல் கரைசல் குறைவாக இருக்கிறது என்று நீர் ஊற்றிப் பெருக்குவதும் வழக்கம். பத்து மடங்கு நீர்த்தாலும் விகிதம் மாறாததால் பிஎச் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும், மீட்டரைப் பார்த்தால் தவறு தெரியாது. கையிருப்பு மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். 100 மி.லி.-இல் ஒரே மி.லி. அமிலத்துக்கு அசிட்டேட் தீர்ந்து, வகுப்பு முன்னால் சிவந்துவிடும்.

மிஞ்சியதை மூடி, குளிர்ந்த இடத்தில் சில வாரம் வைக்கலாம். அசிட்டேட்டில் பூஞ்சை வளரும், கலங்கலோ மிதக்கும் இழையோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். உங்களிடம் பிஎச் மீட்டர் இருந்தால் மட்டும் தயார் பாட்டில்களை வாங்குங்கள், அதுவும் சிறிய அளவில். அளந்த கரைசலைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றக் கூடாது.