18 புள்ளிப் பள்ளம்: கல்வி நீக்கத்துக்குப் பிறகு மறுசேர்க்கை மனு எழுதுவது

படிப்பில் பின்தங்கி நீக்கப்பட்ட மாணவர் எழுதும் மறுசேர்க்கை மனுக்களில் பெரும்பாலானவை முக்கால் பக்கம் மன்னிப்பு, கால் பக்கம் உறுதிமொழி என்றுதான் இருக்கும். "இனி கடினமாக உழைப்பேன்" என்ற வரி கட்டாயம் வந்துவிடும். மனுவைப் படிக்கும் குழு தேடுவது வேறு. என்ன நடந்தது, அது ஏன் மறுபடி நடக்காது, திரும்பச் சேர்த்துக்கொண்டால் எத்தனை செமஸ்டரில் இவருடைய சராசரி கரையேறும் என்ற மூன்று கேள்விகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவதற்குப் பதில் வெறும் கூட்டல் கழித்தல். அதைத்தான் பலரும் போட்டுப் பார்க்காமலே மனுவை அனுப்பிவிடுகிறார்கள்.

எழுதத் தொடங்குமுன் உங்கள் வழக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கிரேடு தவறாகப் பதிவாகிவிட்டது, விதியைத் தவறாகப் பொருத்திவிட்டார்கள் என்றால் நீங்கள் எழுதவேண்டியது மேல்முறையீடு. நீக்கம் விதிப்படி சரி, ஆனால் இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்றால்தான் மறுசேர்க்கை மனு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், "நீங்கள் செய்தது தவறு, ஆனாலும் என்னை மன்னியுங்கள்" என்ற தொனி வந்துவிடும், இரண்டுமே வலுவிழக்கும். கெடு தேதியையும், ஒரு செமஸ்டராவது வெளியே இருந்த பிறகுதான் மனுச் செய்யலாம் என்ற கட்டுப்பாடு இருக்கிறதா என்பதையும் நீக்கக் கடிதத்திலேயே பாருங்கள்.

இனி கணக்கு. ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நான்கு செமஸ்டர், ஒவ்வொன்றிலும் 12 கிரெடிட், மொத்தம் 48. ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் ஏ-க்கு 4 புள்ளி, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1, எஃப்-க்கு 0. முதல் செமஸ்டரில் 30 புள்ளி, இரண்டாவதில் 28, மூன்றாவதில் 12, நான்காவதில் 8. கூட்டினால் 78, 48-ஆல் வகுத்தால் ஜி.பி.ஏ. 1.63. நீடிக்கத் தேவையானது 2.0.

"1.63-ஐ 2.0 ஆக்கவேண்டும்" என்று நினைத்தால் ஒன்றும் பிடிபடாது. புள்ளியில் பாருங்கள். 48 கிரெடிட்டுக்கு 2.0 வேண்டுமென்றால் 96 புள்ளி இருந்திருக்கவேண்டும். இருப்பது 78. பள்ளம் 18 புள்ளி. புதிய பாடம் ஒன்றில் சி வாங்கினால் இந்தப் பள்ளம் ஒரு புள்ளிகூட நிரம்பாது; அது தன் பங்கை மட்டும் கட்டிக்கொள்ளும். பி வாங்கினால் கிரெடிட்டுக்கு 1 புள்ளி நிரம்பும். அதாவது 12 புதிய கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் பி வாங்கினாலும் பள்ளத்தில் 12 புள்ளிதான் நிரம்பும். மிச்சம் 6 அடுத்த செமஸ்டருக்குப் போகும். "அடுத்த செமஸ்டரிலேயே 2.0-ஐத் தொட்டுவிடுவேன்" என்று இவர் எழுதினால், 12 கிரெடிட்டில் பி-யும் ஏ-யும் பாதிக்குப் பாதி வாங்கியாகவேண்டும். முந்தைய செமஸ்டரில் 8 புள்ளி எடுத்தவர் அப்படிச் சொன்னால் குழு நம்பாது.

இங்கே ஒரு விதியைக் கட்டாயம் விசாரித்து வையுங்கள்: தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய எஃப் நீங்குமா, அல்லது இரண்டு முயற்சியும் சராசரியில் சேருமா? இந்த மாணவிக்கு 4 கிரெடிட் கணக்கில் ஒரு எஃப், 4 கிரெடிட் இயற்பியலில் ஒரு எஃப். பழையது நீங்கும் இடமென்றால், கணக்கைத் திரும்ப எடுத்து வெறும் சி வாங்கினாலே 8 புள்ளி ஏறும், கிரெடிட் எண்ணிக்கை கூடாது, பள்ளம் 10-ஆகச் சுருங்கும். இரண்டும் சேரும் இடமென்றால் அதே சி-யால் பள்ளம் துளிகூடக் குறையாது. ஒரே பாடம், ஒரே கிரேடு, ஒரு விதியால் தலைகீழ் முடிவு. விதி தெரியாமல் போட்ட திட்டத்தைப் பதிவாளர் அலுவலகம் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். வெளியே வேறு கல்லூரியில் பாடம் எடுத்து ஈடுகட்டலாம் என்று நினைப்பவர்களும் விசாரியுங்கள்: பல இடங்களில் கிரெடிட் மட்டுமே மாறி வரும், கிரேடு உங்கள் ஜி.பி.ஏ.-வில் ஏறாது. ஆனாலும் அங்கே வாங்கிய நல்ல கிரேடு, படிக்க முடிகிறது என்பதற்குச் சான்றாக நிற்கும்.

பழையது நீங்கும் விதி என்று வைத்துத் திட்டத்தைப் போடுவோம். இரண்டு எஃப்-ஐயும் ஒரே செமஸ்டரில் தூக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இயற்பியலுக்குக் கணக்கு முன்தேவைப் பாடம். கணக்கில் தோற்றபின் அடிப்படை இல்லாமல் இயற்பியலுக்குப் போனதுதான் நான்காவது செமஸ்டர் சரிந்ததற்கே ஒரு காரணம். அதே தவறைத் திட்டத்தில் எழுதிக் கொடுத்தால் மனு அங்கேயே விழுந்தது. எனவே முதல் செமஸ்டரில் கணக்கும் இரண்டு புதிய 3 கிரெடிட் பாடங்களும், மொத்தம் 10 கிரெடிட். கணக்கில் சி, மற்றவற்றில் பி என்றால் பள்ளத்தில் 8 + 6 = 14 புள்ளி நிரம்பும், மிச்சப் பள்ளம் 4. ஜி.பி.ஏ. 1.93. இன்னும் 2.0-க்குக் கீழேதான், அதை மறைக்காமல் எழுதுங்கள். இரண்டாவது செமஸ்டரில் இயற்பியலும் இரண்டு புதிய பாடங்களும், எல்லாவற்றிலும் சி என்றே வைத்தாலும் 60 கிரெடிட்டுக்கு 124 புள்ளி, ஜி.பி.ஏ. 2.07. அடக்கமான கிரேடுகளை வைத்தே கரையேறுகிற கணக்கு இது. ஏ-க்களாக நிரம்பிய அட்டவணையைவிட இதற்குத்தான் மதிப்பு. 10 கிரெடிட் எடுத்தால் முழுநேர மாணவர் தகுதி போகுமா, உதவித்தொகையோ விடுதியோ விசாவோ அதைச் சார்ந்திருக்கிறதா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். உதவித்தொகைக்குப் பல இடங்களில் தனி மனு வேண்டும். மறுசேர்க்கை கிடைத்தால் அதுவும் தானாக வரும் என்று இருந்துவிடக்கூடாது.

காரணத்தை எழுதும் பகுதிக்கு வருவோம். குழுவின் கையில் உங்கள் டிரான்ஸ்கிரிப்ட் இருக்கும். நீங்கள் சொல்லும் காரணமும் கிரேடு சரிந்த மாதமும் பொருந்தவேண்டும். நம் மாணவி முதலில் எழுதிய பத்தி இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"என் தந்தையின் உடல்நலக் குறைவாலும் குடும்பச் சூழ்நிலையாலும் என்னால் படிப்பில் கவனம் செலுத்த இயலவில்லை. நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. தந்தையின் நோய் எந்த வழியாகக் கணக்குப் பாடத்தை எஃப் ஆக்கியது என்று இதிலிருந்து யாருக்கும் தெரியாது. அதையே திருத்தி எழுதினால்:

"மூன்றாவது செமஸ்டரின் இரண்டாம் வாரத்தில் என் தந்தைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டு வருமானம் நின்றதால் வாரம் 28 மணி நேர வேலையில் சேர்ந்தேன். அதில் மூன்று நாள் இரவு 2 மணி வரை. கணக்கு வகுப்பு காலை 8 மணிக்கு. 40 வகுப்புகளில் 17-க்குப் போகவில்லை. நான்காவது செமஸ்டர் தொடங்கும்போது தந்தை வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் வேலை நேரத்தைக் குறைத்திருக்கலாம், குறைக்கவில்லை. கணக்கில் தோற்றதை ஆலோசகரிடம் சொல்லாமல் இயற்பியலில் சேர்ந்தேன். பாடத்தை விலக்கிக்கொள்ளும் கடைசி நாளுக்கு முன்பே தோற்பேன் என்று தெரிந்தும் விலக்கவில்லை. வீட்டில் தெரிந்துவிடுமே என்று பயந்தேன்."

இரண்டாவது பத்தியின் வலு கடைசி மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. மூன்றாவது செமஸ்டர் சூழ்நிலையால், நான்காவது தன் முடிவால் என்று அவரே பிரித்துக்காட்டிவிட்டார். "ஏன் விலக்கவில்லை, ஏன் உதவி கேட்கவில்லை" என்பது குழு எப்போதும் கேட்கும் கேள்வி. கேட்குமுன்னே பதில் இருந்தால் நேர்காணல் வேறு திசையில் போகும். ஆசிரியர் சரியாக நடத்தவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அதே வகுப்பில் தேறியவர்களின் பட்டியலும் அவர்களிடம் இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ஏற்கெனவே மாறிவிட்ட ஒன்று நிற்கவேண்டும். "மாற்றுவேன்" என்பதைவிட "மாற்றிவிட்டேன், கடிதம் இணைப்பில்" என்பது பல மடங்கு கனமானது. வேலை இப்போது வார இறுதியில் மட்டும் 10 மணி நேரம் என்றால் வேலை கொடுப்பவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம். கணக்கின் அடிப்படையை வெளியே படித்தார் என்றால் அதன் தேர்வு முடிவு. வாரம் ஒருமுறை ஆலோசகரைச் சந்திப்பதென்றால் அவர் பெயரும் அவர் ஒப்புக்கொண்ட மின்னஞ்சலும். மனநலம் காரணமாக இருந்தால் நோயின் பெயரையோ சிகிச்சைக் குறிப்புகளையோ கொட்டத் தேவையில்லை. எந்தத் தேதியிலிருந்து சிகிச்சை, இப்போது முழுப் படிப்புச் சுமைக்குத் தயாரா என்று மருத்துவர் எழுதிய நாலு வரி போதும். அந்தச் சான்றிதழ் நீக்கத்துக்கு மறுநாள் முதன்முதலாகப் பார்த்த மருத்துவரிடமிருந்து வந்தால் சந்தேகம் எழும். அப்படித்தான் நடந்தது என்றால் ஏன் தாமதம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். காரணம் இன்னும் தீரவில்லை என்றால், உதாரணமாக சிகிச்சை பாதியில் இருந்தால், இந்த முறை மனுச் செய்யாமல் ஒரு செமஸ்டர் தள்ளுவதே நல்லது. சேர்ந்து மறுபடி சரிந்தால் இரண்டாவது நீக்கம். பல இடங்களில் அதற்குப் பிறகு கதவு நிரந்தரமாக மூடிவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடிதத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். நேர்காணலில் பிள்ளை பேசும் மொழிக்கும் காகிதத்தில் இருக்கும் மொழிக்கும் உள்ள தூரம் உடனே தெரியும். நீங்கள் உதவக்கூடிய இடம் ஆவணங்கள்: மருத்துவமனைக் காகிதங்கள், தேதிகள், வருமானம் நின்ற காலம். மேலே உள்ள திருத்திய பத்தியை உங்கள் பிள்ளை எழுதவேண்டுமானால், "வீட்டில் தெரிந்துவிடுமே" என்ற வரியை நீங்கள் படித்தும் வீடு அமைதியாக இருக்கும் என்று அவருக்கு முதலில் தெரியவேண்டும்.

கடிதம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டவேண்டாம். முதல் வரியிலேயே பெயர், மாணவர் எண், எந்த செமஸ்டருக்கு மறுசேர்க்கை என்ற கோரிக்கை. பிறகு காரணம், மாறியது, பாடத்திட்டம். பாடம், கிரெடிட், எதிர்பார்க்கும் கிரேடு, முடிவில் ஜி.பி.ஏ. என்ற சிறு அட்டவணையைத் தனித்தாளில் இணையுங்கள். அதில் ஒரு வரி கூடுதலாக இருக்கட்டும்: ஐந்தாவது வாரத்தில் ஏதாவது ஒரு பாடத்தில் மதிப்பெண் சி-க்குக் கீழே இருந்தால் யாரைச் சந்திப்பீர்கள், எதை விட்டுவிடுவீர்கள் என்று. இணைப்புகளுக்கு எண் கொடுத்து, கடிதத்தின் உள்ளே அந்தந்த வாக்கியத்தின் அருகிலேயே "இணைப்பு 2" என்று குறியுங்கள். அனுப்புமுன் அட்டவணையை ஆலோசகரிடம் காட்டி, அந்தப் பாடங்கள் அந்த செமஸ்டரில் உண்மையிலேயே நடத்தப்படுகின்றனவா என்று கேட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடக்கும் கணக்குப் பாடத்தை நடக்காத செமஸ்டரில் போட்டிருந்தால் இரண்டு செமஸ்டர் திட்டம் மூன்றாகிவிடும்.