வேர் நரையில் பூசிய ஸ்டிக் போகவில்லையா? முதலில் எண்ணெய், கடைசியில்தான் தண்ணீர்

கேள்வி: கோத்தகிரியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. டை எனக்கு ஒத்துக்கொள்ளாது. வகிட்டிலும் காதோரத்திலும் நரை தெரிவதால் தினமும் டச்-அப் ஸ்டிக் போடுகிறேன்; விசேஷம் என்றால் ஸ்ப்ரே. குளிருக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தலைக்குக் குளிப்பேன். இரண்டு தடவை ஷாம்பு போட்டாலும் வேரில் பிசுபிசுப்பு போவதில்லை, வெள்ளை முடி செம்பட்டையாகத் தெரிகிறது. குல்லா, தலையணை உறை எல்லாம் கறை. பவுடருக்கு மாறினால் சரியாகுமா? இதை எப்படிச் சுத்தமாகக் கழுவுவது?

பதில்: ஸ்டிக்கில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது மெழுகு. பெரும்பாலான ஸ்டிக்குகளில் தேன்மெழுகோ வேறு தாவர மெழுகோ இருக்கும். அதற்குள் இரும்பு ஆக்சைடு என்ற நிறமித் தூள் கலந்திருக்கும். தேன்மெழுகு உருகுவதற்கே 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூட்டில் யாரும் தலைக்கு ஊற்ற முடியாது. அதனால் ஹீட்டரை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. தலைத்தோல் காய்வதுதான் மிச்சம். மெழுகை இளக்குவது எண்ணெய். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டால் எண்ணெயும் மெழுகிடம் போய்ச் சேராது, ஷாம்புவும் நீர்த்துப்போகும். உங்களுக்கு மாற வேண்டியது இந்த வரிசைதான்.

முடி காய்ந்திருக்கும்போதே சிக்கெடுத்து, வகிட்டையும் காதோரத்தையும் நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாருங்கள். உதிர வேண்டிய தூள் இதிலேயே உதிர்ந்துவிடும். பிறகு ஒரு டீஸ்பூன் பேபி ஆயிலையோ நல்லெண்ணெயையோ விரல் நுனியில் தொட்டு, ஸ்டிக் பட்ட இடங்களில் மட்டும் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் இங்கே சரிவராது. அது 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். உருக்கித் தடவினாலும், பச்சைத்தண்ணீர் பட்டதும் மெழுகோடு சேர்ந்து வேரிலேயே இறுகிவிடும். எண்ணெய் ஐந்து நிமிடம் ஊறினால் போதும். பிறகு பஞ்சால் வேரிலிருந்து நுனிப் பக்கமாக ஒற்றி இழுங்கள். முதல் பஞ்சு கருப்பாக வரும். பஞ்சு ஓரளவு வெளுப்பாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். பாதி வேலை இந்தப் பஞ்சிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது பலரும் செய்யாத ஒன்று. தலையை நனைக்காமலே ஒரு சாஷே ஷாம்புவை அந்த எண்ணெய் மேலேயே தடவி, ஒரு நிமிடம் விரலால் பிசையுங்கள். நுரை வராது, வரவும் வேண்டாம். நீர்க்காத ஷாம்பு எண்ணெயையும் மெழுகையும் பற்றிக்கொள்ளும். விரலுக்கடியில் வழவழப்பு குறைந்து பால் மாதிரி வெளுத்ததும் நாலைந்து ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு இன்னும் கொஞ்சம் பிசையுங்கள். அதன் பிறகு தாராளமாக அலசலாம். இரண்டாவது தடவை வழக்கம்போல ஈரத்தலையில் ஷாம்பு போடுங்கள். இப்போது நுரை நன்றாக எழும்பினால் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். நுரை அமுங்கினால் இன்னொரு தடவை கொஞ்சமாகப் போட வேண்டும். கண்டிஷனர் முடியின் பாதியிலிருந்து கீழே மட்டும் போதும். வேரில் போட்டால் அடுத்த நாள் பூசுவது வழுக்கும். சீயக்காயோ அரப்போ மட்டும் தேய்த்தால் இந்த மெழுகு முழுதாகப் போகாது.

சுத்தமானதா என்பதைக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஈரமுடி எப்போதும் கருப்பாகத்தான் தெரியும். முடி காய்ந்ததும் வெள்ளைத் துணியை வகிட்டில் அழுத்தி எடுங்கள். பழுப்புத் தூள் ஒட்டினால் மிச்சம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் செம்பட்டையும் அநேகமாக இதுதான்: இரும்பு ஆக்சைடு வெள்ளை முடியின் சொரசொரப்பில் தங்கி நிற்கிறது. இரண்டு மூன்று தடவை மேற்சொன்னபடி கழுவினால் வெளுத்துவிடும்.

இதை விடப் பெரிய சிக்கல், ஞாயிறு முதல் ஞாயிறு வரை பழைய மெழுகின் மேலேயே புதிய மெழுகு ஏறுவது. கோத்தகிரிக் குளிரில் தினமும் தலைக்குக் குளிக்கச் சொல்வதில் நியாயமில்லை. அதற்குப் பதிலாக, இரவு படுக்கும் முன் பஞ்சில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு ஸ்டிக் போட்ட இடத்தை மட்டும் துடைத்துவிட்டு, காய்ந்த பஞ்சால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள். தலையணை உறை கறையாவது இதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை மாதிரி, கூடுதலாகத் தலைக்குக் குளிக்க முடிந்தால் நல்லது.

பவுடருக்கு மாறலாம், ஆனால் நாள் பார்த்து. வெயில் நாளில் வகிட்டுக்கு அதைவிட எளிதானது இல்லை. காய்ந்த வேரில் பிரஷ்ஷால் ஒற்றினால் போதும். மாலையில் வாரினாலே பாதி உதிர்ந்துவிடும், எண்ணெய் தேவைப்படாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியுமாக இருக்கும்போது, பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்றாலே பனித்துளி பட்டுப் பவுடர் திட்டுத்திட்டாகும். அந்த நாட்களில் ஸ்டிக்கையே மெல்லியதாக ஒரு இழுப்பு இழுத்து, டிஷ்யூவால் அழுத்தி அதிகப்படியை எடுத்துவிட்டு, மேலே சிட்டிகை பவுடர் ஒற்றுவது என் பரிந்துரை. டிஷ்யூவில் நிறம் வருவது நின்ற பிறகுதான் குல்லா போட வேண்டும். உள்ளே மெல்லிய பருத்தி ஸ்கார்ஃப் கட்டினால் கம்பளி தப்பும்.

ஸ்ப்ரே காய்ந்துவிட்டால் லேசான சாரலைத் தாங்கும். அதற்கு எண்ணெய் பெரும்பாலும் வேண்டாம். அன்றிரவே வாரிவிட்டு, மறுநாள் ஒரு ஷாம்புவில் கழுவிவிடலாம். மலையில் அதற்கு வேறு தொல்லை உண்டு. கேன் குளிர்ந்திருந்தால் உள்ளே வாயு அழுத்தம் குறைந்து, பொழியாமல் சொட்டுச் சொட்டாகத் துப்பும். வேரில் கட்டியாகி, கழுவும்போதும் இழுபடுவது அந்தச் சொட்டுகள்தான். கேனைச் சற்று நேரம் கம்பளிக்குள் வைத்திருந்து, நன்றாகக் குலுக்கி, சுமார் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து விட்டுவிட்டு அடியுங்கள். வெந்நீரிலோ ஹீட்டர் பக்கத்திலோ அதை வைத்துச் சூடாக்கவே கூடாது. கேன் 50 டிகிரியைத் தாண்டினால் வெடிக்கலாம். வாயு தீப்பிடிக்கக் கூடியது என்பதால் கணப்பும் கேஸ் அடுப்பும் எரியும் அறையில் அடிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அடியுங்கள்.

குல்லாக் கறையை நனைக்கும் முன் பிரஷ்ஷால் தட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு மெதுவாக ஒற்றிப் பச்சைத்தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி சுருங்கிவிடும். தலையணை உறைக்கும் அதே திரவம்தான், துவைக்கும் முன்பே. பிளீச்சிங் பவுடர் இந்த நிறமியை வெளுக்காது.

டை ஒத்துக்கொள்ளாதவர் என்பதால் இன்னொன்று. ஸ்டிக், பவுடர் என்ற பெயரில் வருவதெல்லாம் கழுவினால் போகும் ரகமில்லை. அட்டையில் இரும்பு ஆக்சைடு அல்லது சிஐ 77491, 77492, 77499 என்று இருந்தால் அது மேலே ஒட்டும் நிறமி. பிபிடி, பாரா-ஃபினைலின்டையமைன் என்றோ, 48 மணி நேரத்துக்கு முன் தோலில் சோதிக்கவும் என்றோ இருந்தால் அது டை, வாங்காதீர்கள். சரியான பொருளைப் போட்டும் தலைத்தோல் சிவந்து கொப்புளித்தால், கழுவிவிட்டு அட்டையோடு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.