கடைக்காரருக்கு அனுப்பும் முதல் மெசேஜ்: கையால் செய்த சோப்புக்கு எதைச் சான்றாகக் காட்டுவது?

வடவள்ளியில் சோப்பு செய்பவர்: “அக்கம்பக்கத்துல நாப்பது கடைக்கு வாட்ஸ்அப் பண்ணினேன். ‘கெமிக்கல் இல்லாத, பாரம்பரிய முறையில் செய்த தரமான சோப்பு, 500 வாடிக்கையாளர்கள் விரும்பும் தயாரிப்பு’ன்னு போட்டோவோட அனுப்பினேன். ரெண்டு பேர்தான் பார்த்துட்டுக் கட்டைவிரல் போட்டாங்க. என்ன தப்பு?”

அந்த 500 பேர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியாது. ஆன்லைனில் வாங்கிய 500 பேரால் அவர் கல்லாவில் ஒரு ரூபாயும் விழப்போவதில்லை. சோப்பு நல்லதா என்பது அவருக்கு இரண்டாவது கேள்விதான். “நான் காசு போட்டு வாங்கி ரேக்கில் வைத்தால் நகருமா, நகராவிட்டால் யார் எடுத்துப்போவது” என்பதுதான் முதலில் தோன்றும். உங்கள் சான்று அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்படிப் பதில் சொல்லும் சான்றுகள் இரண்டு. ஒன்று, இவர் கடை மாதிரியே இன்னொரு கடை, முதல் சரக்கில் பெரும்பகுதி விற்று மறுபடி கேட்டு வாங்கியது. இரண்டு, இவர் கடைக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கும் வீடுகள் ஏற்கெனவே உங்களிடம் வாங்குவது. இரண்டையும் வைத்து எழுதினால் இப்படி இருக்கும் (உங்கள் உண்மையான எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்):

“வணக்கம் அண்ணா. வடவள்ளியில் தேங்காய் எண்ணெய் சோப்பு செய்கிறேன், லைசென்ஸ் இருக்கு. மருதமலை ரோட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஜூன் 3-ஆம் தேதி 24 சோப்பு வைத்தோம். 24-ஆம் தேதிக்குள் 19 விற்று, அவங்களே மறுபடி 24 கேட்டு வாங்கினாங்க. உங்க கடையைச் சுற்றி 11 வீடுகள் என்னிடம் நேரடியாக வாங்குறாங்க. எம்ஆர்பி 80, உங்களுக்கு 60. முதலில் 12 மட்டும் வைத்துப் பாருங்க, ஒரு மாதத்தில் விற்காததை நானே எடுத்துக்கிறேன். புதன்கிழமை மூணு மணிக்கு ரெண்டு சோப்பு கொண்டு வந்து காட்டட்டுமா?”

இதில் “தரமான” என்ற வார்த்தையே இல்லை, கவனியுங்கள். 24-இல் 19, மூன்று வாரம், மறுபடி 24 என்று படித்ததும் அவரே கணக்குப் போட்டுவிடுவார். 12 சோப்புக்கு 720 ரூபாய் போட்டால் 960-க்கு விற்கலாம், 240 நிற்கும். விற்காவிட்டால் போகும் காசு ஒன்றுமில்லை. கடைசி வரியில் கேட்பதும் ஆர்டர் இல்லை, ஐந்து நிமிடம்தான். காலைக் கூட்டமும் மாலைக் கூட்டமும் இல்லாத பிற்பகலைக் கேட்பது அதற்காகத்தான்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: “கடைக்கு 25 சதவீதம் மார்ஜின்னா, நம்ம விலை 60, அதுல 25 சதவீதம் கூட்டி எம்ஆர்பி 75 போட்டாப் போதும்தானே? எதுக்கு 80?”

மார்ஜினை மெசேஜிலேயே சொல்ல வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் கடைக்காரர் சதவீதத்தை எம்ஆர்பியிலிருந்து கணக்கிடுவார். 75-க்கு விற்று 15 கிடைத்தால் அவர் கணக்கில் அது 20 சதவீதம். நீங்கள் 25 என்று சொல்லியிருந்தால் முதல் பில்லிலேயே பேச்சு மாறிவிட்டதாக நினைப்பார். மெசேஜில் சதவீதம் வேண்டாம், இரண்டு விலையையும் ரூபாயில் எழுதுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 60 என்பது வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு கடைக்காரர், ஆர்.எஸ்.புரம்: “பக்கத்துக் கடையில ஓடுதுன்னு சொன்னா எனக்கு எரிச்சல்தான் வரும். அங்க கிடைக்குற சரக்கை நான் ஏன் வைக்கணும்? என் கஸ்டமர் விலை கேட்டு அங்க போயிடுவான்.”

நியாயமான பேச்சு. பலர் இடறுவது இங்கேதான். சான்று காட்டும் கடை வகையில் ஒத்துப்போக வேண்டும், வாடிக்கையாளரில் மோதக் கூடாது. நாட்டு மருந்துக் கடைக்கு வேறொரு ஏரியாவின் நாட்டு மருந்துக் கடையைச் சொல்லலாம். அதே தெருவின் மளிகைக் கடையைச் சொன்னால் போட்டியாகத்தான் படும். சூப்பர் மார்க்கெட்டைச் சொன்னால் சின்னக் கடைக்காரர் “அங்கே கூட்டம் வேற” என்று தள்ளிவிடுவார்.

சான்று காட்டும் கடையின் பெயரைப் போடுவதானால் அந்தக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மெசேஜைப் படிக்கும் கடைக்காரர் அங்கே ஃபோன் போட்டு விசாரிப்பார், விசாரிக்கவும் வேண்டும். பெயர் போடாமல் ஏரியா மட்டும் சொன்னால் நம்பிக்கை கொஞ்சம் குறையும், சண்டையும் குறையும். எது மேல் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரே கடைத்தெரு உள்ள சிற்றூரில் பெயரைச் சொல்லாதிருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். உங்களைப் போன்ற கடைக்காரர்கள் மறுத்தால் ஏற்றுக்கொள்வேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: “என்கிட்ட ரிவ்யூ ஸ்கிரீன்ஷாட் நிறைய இருக்கு. ‘பையனுக்கு இருந்த சொறி பத்து நாள்ல போயிடுச்சு’ன்னு ஒரு அம்மா அனுப்பினது சூப்பரா இருக்கு. அதைத்தான் முதல்ல வைக்கிறேன். சரிதானே?”

அதை எடுத்துவிடுங்கள். அந்த அம்மா உண்மையாகவே எழுதியிருக்கலாம். ஆனால் விற்பதற்காக நீங்கள் எடுத்து அனுப்பினால் அது உங்கள் வாக்குறுதியாகிவிடும். குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்றால் அது மருந்தின் கணக்கில் போய்விடும். விவரம் தெரிந்த கடைக்காரர், முக்கியமாக மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், இதைப் பார்த்ததும் விலகுவார். புகார் வந்தால் அவர் கடைக்குத்தான் முதலில் ஆள் வருவார்.

அதே குவியலில் “மூணாவது தடவை வாங்குறேன், இந்தத் தடவை அக்காவுக்கும் சேர்த்து நாலு” என்பது மாதிரி ஒன்று நிச்சயம் இருக்கும். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் கடைக்காரருக்குத் தேவையானது அதுதான். பெயரையும் நம்பரையும் மறைத்து, ஒன்றே ஒன்றை அனுப்புங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: “இன்ஸ்டாகிராம்ல பெரிய ஆளைப் பிடிச்சுப் பேச வைக்க எவ்வளவு செலவாகும்?”

இங்கே பேசுவது கடைகளைப் பற்றி. அதற்கு அந்தச் செலவு தேவையில்லை.

திருப்பூரிலிருந்து ஒருவர்: “எனக்கு இன்னும் ஒரு கடைகூட இல்ல. வீட்டுல இருந்து அறுபது பேருக்குக் குடுத்திருக்கேன். சான்றுக்கு எங்க போறது?”

அறுபது பேரின் முகவரியை வைத்து ஏரியாவாரியாகப் பிரியுங்கள். ஒரே பகுதியில் எட்டு பத்து வீடு சேர்ந்தால் அங்கேயுள்ள கடைதான் உங்கள் முதல் கடை. எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். அறுபதில் 22 பேர் திரும்ப வாங்கியிருந்தால் “60 வாடிக்கையாளர்கள்” என்பதைவிட “22 பேர் திரும்ப வாங்கினார்கள்” என்பதற்குத்தான் எடை அதிகம். எண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள், அந்த வீட்டுக்காரர்கள் அந்தக் கடைக்கே வருபவர்கள்.

மறுபடி வடவள்ளி: “ஒரு கடையில 24-ல 17 வித்துருச்சு. ஆனா திரும்பக் கேக்க மாட்டேங்கிறார். இதைச் சான்றாப் போடலாமா?”

இன்னும் வேண்டாம். முதலில் மிச்சமுள்ள ஏழு எவை என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஏழும் ஒரே வகையாக இருக்கும், வெட்டிவேர் என்று வையுங்கள். ஓடாத சரக்கு கண் முன்னால் நிற்கும்வரை கடைக்காரருக்குப் புதிது கேட்க மனம் வராது. அந்த ஏழு சோப்பையும் எடுத்துக்கொண்டு, விற்ற வகையிலேயே ஏழு வையுங்கள்.

அப்போதே ஒரு சோப்பைத் தராசில் போடுங்கள். கையால் செய்த சோப்பு காயக் காய எடை இறங்கும். உறையில் 100 கிராம் என்று இருந்து தராசு 93 காட்டினால் கடைக்காரர் பெயரும் கெடும். நன்றாகக் காய்ந்த பிறகு நிற்கும் எடையைத்தான் அச்சிட வேண்டும்.

மாற்றி வைத்த பிறகு அவராகக் கேட்டு வாங்கினால், அந்தத் தேதியைக் குறித்து வைத்து அடுத்த கடைக்கான மெசேஜில் போடுங்கள்.